விளக்கப் பலகையை எப்போது வாசிப்பது? நூதனசாலைக்கு மூன்று கேள்வி விளையாட்டுகள்

தரம் 5 பிள்ளைகள் 30 பேர், ஆசிரியர் இருவர், கூட வரும் பெற்றோர் நால்வர், கையில் ஒன்றரை மணி நேரம். திருகோணமலையில் ஒரு வகுப்பை நூதனசாலைக்குக் கூட்டிப்போகும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் அமைகிறது. உள்துறைமுகப் பக்கம் ஒல்லாந்தர் காலத்து வீட்டில் இருக்கும் கடல்சார் கடற்படை வரலாற்று நூதனசாலைக்குப் போனாலும், கடற்படைத் தளத்துக்குள் இருக்கும் ஹூட் கோபுரப் பக்கம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு போனாலும், உள்ளே நடப்பது ஒன்றுதான். பிள்ளைகள் வரிசையாக நடக்கிறார்கள், ஒருவர் விளக்கம் சொல்கிறார், பின்வரிசை சுவர்ப் பல்லியைப் பார்க்கிறது. திரும்பி வந்ததும் "நான் சென்ற சுற்றுலா" என்று ஒரு கட்டுரை. அதில் பாதி பஸ்ஸில் பாடிய பாட்டைப் பற்றியதாக இருக்கும்.

இதை மாற்றி, பிள்ளைகள் கேள்வி தேடும் விளையாட்டாக ஆக்குவதற்கு மூன்று வழிகளை நான் செய்து பார்த்திருக்கிறேன். முதலாவது, விடை தேடும் தாள். இரண்டாவது, ஆம் இல்லை என்று மட்டும் பதில் வரும் ஒளித்த பொருள் விளையாட்டு. மூன்றாவது, விளக்கப் பலகையை மூடிப் பிடித்துக்கொண்டு கேள்விகளைக் கொட்டுவது. மூன்றும் வெவ்வேறு விளையாட்டுகள் போலத் தெரிந்தாலும் அவற்றுக்கு இடையே உள்ள உண்மையான வித்தியாசம் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது: பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கப் பலகையை பிள்ளை எப்போது வாசிக்கிறது என்பதில். முதலாவதில் எடுத்தவுடன் வாசிக்கிறது. இரண்டாவதில் வாசிக்கவே தேவையில்லை. மூன்றாவதில் கடைசியாக வாசிக்கிறது. மற்ற எல்லா நன்மை தீமைகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரே பொருளை மூன்று விளையாட்டுக்குள்ளும் விட்டுப் பார்ப்போம். பழைய இரும்புப் பீரங்கியை எடுத்துக்கொள்கிறேன். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

விடை தேடும் தாள்

எல்லோருக்கும் பழக்கமானது இது. ஆசிரியர் முதலே போய்ப் பார்த்து இருபது கேள்விகள் எழுதி அச்சடித்து வருவார். "இந்தப் பீரங்கி எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது?" "இதைக் கொண்டுவந்தவர்கள் யார்?" பிள்ளை தாளைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. பலகையில் அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கிறது, எழுதுகிறது, அடுத்ததற்கு ஓடுகிறது.

இதன் நன்மைகளை மறைக்க மாட்டேன். பிள்ளைகள் பரந்து நிற்பார்கள், கைக்கு வேலை இருக்கும், சத்தம் குறையும், அதிபரிடம் காட்டுவதற்கு நிரப்பிய தாள் 30 கிடைக்கும். பெரியவர் ஒருவரோ இருவரோ மட்டும் 40 பிள்ளைகளோடு போகிறார்கள் என்றால் நானும் இதைத்தான் செய்வேன். பாதுகாப்பாகத் திரும்பி வருவதும் ஒரு நோக்கம்தான்.

ஆனால் ஒரு பத்து நிமிடம் ஓரமாக நின்று பிள்ளைகளின் கண்களை மட்டும் கவனியுங்கள். தாள், பலகை, தாள், பலகை. பீரங்கியின் மேல் பார்வை விழுவதே இல்லை. நான் ஒரு தடவை எல்லோரும் "பீரங்கி" என்ற கட்டத்தை நிரப்பி முடித்த பிறகு, எல்லோரையும் மறுபக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, "அதன் பின்பக்க நுனி எப்படி இருந்தது?" என்று கேட்டேன். தட்டை என்று சிலர், கூர் என்று சிலர். உருண்டையான குமிழ் ஒன்று அங்கே துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைத் தொட்டுவிடும் தூரத்தில்தான் நின்று எழுதியிருந்தார்கள். இன்னொரு அடையாளம், கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று முதலில் முடித்துவிடும், பத்து நிமிடத்தில் அதன் விடைகள் 30 தாளுக்கும் பரவிவிடும். அப்போது அது நூதனசாலை விளையாட்டு அல்ல, பார்த்தெழுதும் விளையாட்டு.

தாளைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு ஒரு திருத்தம் சொல்லலாம். இருபதை ஆறாகக் குறையுங்கள். ஆறில் ஒன்றுக்குக்கூடப் பலகையில் விடை இருக்கக் கூடாது. "உடைந்து பின்பு திருத்திய அடையாளம் உள்ள பொருள் ஒன்றைக் கண்டுபிடி." "இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பொருள் எது, எதை வைத்துச் சொல்கிறாய்?" அவ்வளவு செய்தாலே கண் பொருளுக்குப் போய்விடும். ஆனாலும் கேள்வி ஆசிரியருடையதாகவே இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஆண்டு முழுவதும் மற்றவர்களின் கேள்விகளுக்குக் கோடு போட்டுப் பழகிய பிள்ளைகள் இவர்கள். அன்றைக்கும் அதையே செய்வதற்குப் பஸ் பிடித்துப் போக வேண்டுமா என்பது என் சலிப்பு.

ஒளித்த பொருள்

ஒரு கூடத்தில் கண்ணுக்குத் தெரியும் பதினாறு பொருள்களைத் தெரிவு செய்யுங்கள். ஒரு பிள்ளை அவற்றில் ஒன்றை மனதில் நினைத்துக்கொண்டு, அதன் பெயரைத் துண்டில் எழுதி ஆசிரியரிடம் கொடுக்கிறது. மற்றவர்கள் கேட்கலாம், ஆம், இல்லை என்று மட்டும்தான் பதில் வரும். யார் குறைந்த கேள்விகளில் பிடிக்கிறார்கள் என்பதே ஆட்டம்.

முதல் சுற்றில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பிழையைத்தான் விடுவார்கள். "நங்கூரமா?" "பீரங்கியா?" "கப்பலா?" என்று பெயர் பெயராகச் சுடுவார்கள். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் பதினைந்து கேள்வி போய்விடும். இரண்டாம் சுற்றுக்கு முன் ஒரு வாக்கியம் மட்டும் சொல்லுங்கள்: "ஒரு கேள்வியிலே பாதிப் பொருள்களைத் தள்ளிவிட முடியுமா?" யாராவது ஒரு பிள்ளை "இரும்பால் செய்ததா?" என்று கேட்கும். பதினாறு எட்டாகும். "மனிதர் உயரத்தை விடப் பெரிதா?" எட்டு நாலாகும். நாலு இரண்டாகி, இரண்டு ஒன்றாகும். பதினாறுக்கு நாலு கேள்வி போதும், முப்பத்திரண்டு என்றாலும் ஐந்துதான். இந்தக் கணக்கு விளங்கும் கணத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்த விளையாட்டை நான் விடுவதில்லை. இன்னொரு இலாபமும் உண்டு. பாதியாகப் பிரிப்பதற்குப் பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும், அதனால் கண் கூடம் முழுவதும் சுற்றி வருகிறது. இந்த மூன்றில் பிள்ளைகள் அதிகம் சிரிப்பதும் இதில்தான்.

குறை என்னவென்றால், பொருள் பிடிபட்டவுடன் ஆர்வம் செத்துவிடுகிறது. "பீரங்கி!" என்று கத்தியதும் கை தட்டல், அடுத்த ஆட்டம். பீரங்கியைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியவில்லை, தெரியவேண்டும் என்ற அரிப்பும் வரவில்லை. கேள்வி இங்கே ஒரு திறப்பு. கதவு திறந்ததும் திறப்பை எறிந்துவிடுகிறார்கள். ஆகவே இதைப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். வாய் திறக்காத பிள்ளையையும் கேட்க வைக்கும் சூடாக்கலுக்கு இதைவிட நல்லது இல்லை, முழுப் பயணத்தையும் இதன் மேல் கட்டினால் வெறும் பொழுதுபோக்கு.

மூடிய பலகை

என் தெரிவு இதுதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், எனவே இதன் கஷ்டங்களையும் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதன் எலும்புக்கூடு நான் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்து லோரன்ஸ் என்ற ஊரில், பிள்ளைகள் பாடசாலையை விட்டு விலகுவதைத் தடுக்கும் வேலையில் டான் ரோத்ஸ்டீன், லூஸ் சந்தானா என்ற இருவர் ஈடுபட்டிருந்தார்கள். பெற்றோர் பாடசாலைக் கூட்டங்களுக்கு வராததற்குக் காரணம் கேட்டபோது, "என்ன கேட்பது என்றே எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் வந்ததாம். நம் பெற்றோர் தினக் கூட்டத்தின் பின்வரிசையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கிருந்துதான் கேள்வி கேட்கும் பயிற்சிக்கு நான்கு விதிகளை அவர்கள் உருவாக்கினார்கள்: எவ்வளவு முடியுமோ அவ்வளவு கேள்வி கேள். எந்தக் கேள்விக்கும் நின்று பதில் சொல்லாதே, விவாதிக்காதே, நல்லது கெட்டது என்று தரம் பிரிக்காதே. கேட்டவர் சொன்னபடியே எழுது. கூற்றாக ஒன்று வந்தால் அதைக் கேள்வியாக மாற்று.

நூதனசாலைக்கு இதைக் கொண்டுவரும்போது நான் சேர்த்துக்கொண்டது மூடும் மட்டை ஒன்றுதான். பழைய கலண்டர் மட்டை போதும். ஒரு பிள்ளை அதை விளக்கப் பலகைக்கு முன்னால் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். பசை, ஒட்டுநாடா எதுவும் வேண்டாம். பலகை பழுதானால் அடுத்த தடவை உள்ளே விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. பொறுப்பாளரிடம் முதலே போய் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிடுவது நல்லது. பேனை வேண்டாம், பென்சில் மட்டும்.

ஐந்து பிள்ளைகள், ஒரு பெரியவர், ஒரு பொருள், ஒரு கொப்பி. முதல் இரண்டு நிமிடம் வாய் திறக்காமல் பார்ப்பது. சுற்றி வரலாம், குனியலாம், தொடக் கூடாது. பிறகு ஆறு நிமிடம் கேள்வி மட்டும். அடுத்த ஐந்து நிமிடம் கேள்விகளைப் பிரிப்பது. மூன்று நிமிடத்தில் குழுவுக்குப் பிடித்த மூன்றைத் தெரிவு செய்வது. அதன் பிறகுதான் மட்டையை எடுத்துப் பலகையை வாசிப்பது. வாசித்து, எது தீர்ந்தது, எது தீரவில்லை என்று குறிப்பதற்கு எட்டு நிமிடம். மொத்தம் 24 நிமிடம். ஒன்றரை மணி நேரத்தில் இப்படி இரண்டு பொருள்கள் பார்க்கலாம். மூன்றாவதுக்கு ஆசைப்படாதீர்கள். இரண்டு பொருளுக்காகவா இவ்வளவு தூரம் என்று பெற்றோர் ஒருவர் கட்டாயம் கேட்பார். ஆம், இரண்டுக்காகத்தான்.

முதலில் கெடுவது தூண்டும் வாக்கியம். பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பொருளை வைத்து "கேள்வி கேளுங்கள்" என்றால் போதும் என்று நினைத்தேன். வந்தவை: யார் செய்தது, எப்போது செய்தது, எதனால் செய்தது, எவ்வளவு நிறை. அப்படியே வினாத்தாள். ஒரு வசனம் கொடுக்க வேண்டும், ஆனால் அந்த வசனம் கேள்வியாக இருக்கக் கூடாது. கேள்வியாகக் கொடுத்தால் அவர்கள் உடனே பதில் தேடப் போய்விடுவார்கள். நான் கடைசியில் பிடித்த வசனம் இது: "1782 ஆம் ஆண்டில் இந்த ஊர் இரண்டு தடவை கைமாறியது." அது உண்மை. அந்த ஆண்டு ஜனவரியில் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். ஆகஸ்ட் முடியும்போது பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் அதைப் பிரித்தானியரிடமிருந்து பிடித்தார். பிறகு சமாதானத்தில் ஒல்லாந்தருக்குத் திரும்பி, 1795 இல் மறுபடி பிரித்தானியர் கைக்குப் போனது. ஆனால் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி மட்டும்தான். மீதியைச் சொல்லிவிட்டால் விளையாட்டு முடிந்தது.

அந்த வரியைக் கேட்டுவிட்டுப் பீரங்கியைச் சுற்றி நின்ற ஒரு குழுவின் கொப்பி என்னிடம் இன்னும் இருக்கிறது. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தித் தருகிறேன்.

இது யார் பக்கம் சுட்டது? பிடித்தவர்கள் இதைத் திருப்பி வைத்தார்களா? ஓடிப்போனவர்கள் ஏன் கொண்டுபோகவில்லை? இதற்கு ஏன் இரண்டு காது? மேலே இருக்கிற ஓட்டைக்குள் என்ன போடுவது? குண்டு எவ்வளவு பெரிது? பின்னால் ஏன் கதவுக் குமிழ்? சுட்டால் காது செவிடாகுமா? இது 1782 இல் இங்கே இருந்ததா? இதற்குள் பூனை குட்டி போடுமா?

பத்துக் கேள்வி. கடைசியைக் கேட்டவனைக் கூட வந்த தாய் ஒருவர் அதட்டினார். இரண்டாம் விதி அதற்குத்தான். தரம் பிரிக்கக் கூடாது. அதையும் எழுது என்றேன். எழுதிய அடுத்த நிமிடமே பக்கத்தில் நின்ற சிறுமி கேட்டாள்: "ரீச்சர், மழை பெய்தால் உள்ளே தண்ணீர் நிற்குமா?" அது பதினோராவது. மழைத் தண்ணீரும் பூனையும் போகாதபடி பீரங்கி வாய்க்கு மர அடைப்பு ஒன்று வைப்பார்கள். கப்பலில் கடல் தண்ணீர் அடிக்கும் என்பதால் அது கட்டாயம். நான் அதை அப்போது சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்த விளையாட்டில் ஆசிரியருக்கு உள்ள மிகப் பெரிய கஷ்டம் இதுதான்.

அடுத்தது பிரிப்பது. ஒரு சொல்லிலோ ஆம் இல்லை என்றோ முடியும் கேள்விக்கு மூடிய கேள்வி என்று பெயர், விளக்கம் வேண்டுகிற கேள்வி திறந்த கேள்வி. பிறகு ஒன்றையாவது மற்றதாக மாற்றச் சொல்ல வேண்டும். "இது 1782 இல் இங்கே இருந்ததா?" என்பது மூடியது. பிள்ளைகள் அதைத் திறந்தபோது "இது எப்போது இங்கே வந்தது என்று எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?" என்று ஆனது. அந்த மாற்றத்துக்கு முன்னால் அது ஊகம். மாறியதும் ஆராய்ச்சியாகிவிட்டது. அந்தக் குழு உடனே பீரங்கியின் மேல் எழுத்தோ இலக்கமோ இருக்கிறதா என்று தேடத் தொடங்கியது. நான் சொல்லவில்லை.

ஒளித்த பொருள் விளையாட்டில் மூடிய கேள்வியே ராஜா என்று படித்த பிள்ளைகள் இங்கே அதைத் திறக்கவும் படிக்கிறார்கள். மூடிய கேள்வியைத் தாழ்வாகப் பேச வேண்டாம். "மேலே இருக்கிற ஓட்டை அடைபட்டிருக்கிறதா?" என்பது மூடிய கேள்விதான், ஆனால் எட்டிப் பார்த்தால் பெரிய கதை இருக்கலாம். பின்வாங்கும் படை பீரங்கியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. எதிரி அதையே திருப்பிச் சுடாதபடி அந்தப் பற்றவைக்கும் துளைக்குள் இரும்பு ஆணியை அறைந்துவிட்டுப் போவார்கள். சில வேளை பக்கத்துக் "காது" ஒன்றை உடைப்பார்கள். அந்தக் காதுகள்தான் பீரங்கியை வண்டியில் தாங்கிப் பிடித்து, வாயை மேலும் கீழும் சாய்க்க விடுபவை. ஒன்று போனால் பீரங்கி வெறும் இரும்புக் கட்டை. ஆகவே "ஓடிப்போனவர்கள் ஏன் கொண்டுபோகவில்லை?" என்ற கேள்விக்கு விடை தேட, துளையையும் காதையும் பார்க்க வேண்டும். பலகையை வாசித்துவிட்டு வந்த பிள்ளை அங்கே பார்ப்பதில்லை.

கடைசியாக மட்டையை எடுத்துப் பலகையை வாசித்தபோது பதினொரு கேள்வியில் அது தீர்த்தது இரண்டை. இதைப் பலகையின் குறை என்று எடுக்க வேண்டாம். நாலு வரிப் பலகை எல்லாவற்றையும் சொல்லாது. ஆனால் பிள்ளை ஒரு பலகையை இவ்வளவு பசியோடு வாசித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. "இது சொல்லவில்லையே, ரீச்சர்" என்ற ஏமாற்றம் கலந்த குரலில்தான் எனக்கு இந்த முறையின் மேல் நம்பிக்கை வந்தது.

எங்கெல்லாம் பிசகும்

எழுதும் பிள்ளைதான் முதல் பிசகு. கொப்பி கையில் இருப்பவர் தன் கேள்விகளை நாலு எழுதி, மற்றவர் கேள்வியைச் "சரியாக" மாற்றி எழுதிவிடுவார். ஐந்து கேள்விக்கு ஒரு தடவை கொப்பியைக் கைமாற்றுங்கள். கொப்பியில் ஒரே கையெழுத்தாக இருந்தால் அந்தக் குழுவில் ஒருவர் மட்டும்தான் விளையாடியிருக்கிறார் என்று பிறகு தெரிந்துவிடும்.

இரண்டாவது, அன்பான விளக்குநர். ஒரு பயணத்தில், கேள்வி கொட்டும் நேரத்தில் அங்கிருந்த ஒருவர், பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று நினைத்து ஓடிவந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நல்ல மனிதர், நல்ல அறிவு. மூன்றாவது பதிலோடு பிள்ளைகள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இப்போது முதலே சொல்லிவைக்கிறேன்: "மட்டை எடுத்த பிறகு உங்களிடம்தான் வருவோம், ஐயா, அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்." அப்படிச் சொன்னால் அவர்களும் அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தைச் சந்தோஷமாக எதிர்பார்க்கிறார்கள்.

மூன்றாவது, எல்லாக் கேள்வியும் "ஏன்" என்று போய்விடுவது. ஏன் சண்டை பிடித்தார்கள், ஏன் வந்தார்கள். திறந்த கேள்வி நல்லது என்று சொல்லிக்கொடுத்ததன் விளைவு. இவற்றை வைத்து அந்த இடத்தில் எதையும் செய்ய முடியாது. அதனால் தெரிவு செய்யும் மூன்றில் ஒன்றாவது பொருளைப் பார்த்தோ அளந்தோ தேடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறேன்.

அப்படித் தேடிய ஒன்றைச் சொல்கிறேன். "குண்டு எவ்வளவு பெரிது?" பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு, 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தைப் பீரங்கி வாய்க்கு முன்னால், படாமல், குறுக்கே பிடித்து உள்விட்டத்தைப் பார்க்கலாம். பிரித்தானியப் பீரங்கி என்றால் 15 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருப்பது 24 இறாத்தல் குண்டு போடுவது. 12 அளவில் இருந்தால் 12 இறாத்தல். 16க்குச் சற்று மேல் என்றால் 32 இறாத்தல். குண்டு வாயைவிடச் சில மில்லிமீற்றர் சிறிதாக இருக்கும், இல்லாவிட்டால் உள்ளே இறங்காது. பிள்ளைகளுக்கு இறாத்தல் தெரியும், காலையில் கடைக்குப் போய் ஒரு இறாத்தல் பாண் வாங்கி வருபவர்கள் அவர்கள்தான். "இருபத்து நாலு பாணை ஒரு பந்தாக உருட்டினால்?" என்று ஒருவன் கேட்டான். பாண் உருண்டை பெரிதாக இருக்கும், இரும்பு உருண்டை ஏன் இவ்வளவு சின்னது என்று அடுத்தவள் கேட்டாள். அந்த வாரம் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடம் தானாக நடந்தது.

நான்காவது வெயில். பீரங்கியும் நங்கூரமும் பெரும்பாலும் முற்றத்தில்தான் கிடக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு இரும்புக்குப் பக்கத்தில் 24 நிமிடம் நிற்பது முடியாத காரியம். அதற்குள் வெளிப் பொருளை முடித்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

போவதற்கு முன் ஒரு ஒத்திகை

விதிகளை நூதனசாலை வாசலில் வைத்துச் சொன்னால் யாருக்கும் ஏறாது. முதல் நாள் வகுப்பில் 20 நிமிடம் பழக்க வேண்டும். நான் கரும்பலகையில் ஒரு பீரங்கியை வரைந்து, அதன் பின்பகுதியில் 24-2-14 என்று மூன்று எண்களை எழுதினேன். வேறு எதுவும் சொல்லவில்லை. வகுப்பே ஒரே குரலில் திகதி என்றது: 1814, இரண்டாம் மாதம், 24 ஆம் நாள். நான்காம் விதி: கூற்றைக் கேள்வியாக மாற்று. "இது திகதியா?" என்று ஆயிற்று. அதைத் திறந்தபோது "இது திகதி இல்லை என்றால் வேறு என்னவாக இருக்கலாம்?" என்று வந்தது. விலை என்றார்கள், பீரங்கி இலக்கம் என்றார்கள், ஒரு பிள்ளை நிறை என்றது. மூன்று எண்ணில் எப்படி நிறை வரும் என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

நிறைதான் அது. பழைய பிரித்தானியப் பீரங்கிகளில் நிறையை அந்த முறையில் வெட்டுவது வழக்கம்: முதல் எண் அந்தர், ஒரு அந்தர் 112 இறாத்தல், இரண்டாவது குவாட்டர், ஒன்று 28 இறாத்தல், மூன்றாவது மீதி இறாத்தல். 24 ஐ 112 ஆல் பெருக்கினால் 2,688. இரண்டு குவாட்டர் 56. அதோடு 14. மொத்தம் 2,758 இறாத்தல், கிட்டத்தட்ட 1,250 கிலோகிராம். பிள்ளைக்கு 30 கிலோ என்று வைத்தால் 30 பேர் வகுப்பு முழுவதும் 900தான் வரும். அவர்கள் அனைவரும் ஏறி நின்றாலும் பீரங்கிக்கு ஈடாகாது. இந்தப் பதிலை நான் அடுத்த நாள்தான் சொன்னேன், அதுவும் நூதனசாலையிலிருந்து திரும்பிய பிறகு. அன்று மூன்று குழுக்கள் போனவுடன் பீரங்கியின் பின்பக்கம் எண் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தன. துருவும் பல பூச்சு வர்ணமும் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. தெரியாமல் போவதும் அவர்களுக்கு ஒரு கேள்வி.

ஆகவே என் தீர்ப்பு, ஒன்றரை மணி நேரத்துக்கு இப்படி: உள்ளே போய்க் குழு பிரிய 10 நிமிடம், ஒளித்த பொருள் 10 நிமிடம், மூடிய பலகை ஒரு சுற்று, தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம், இன்னொரு சுற்று, கடைசியில் விளக்குநரோடு கால் மணி நேரம். குழுவுக்கு ஒரு பெரியவர் கிடைக்காவிட்டால் மூடிய பலகை வேலை செய்யாது. பலகைக்கு முன் மட்டை பிடிக்கும் சண்டையே 24 நிமிடத்தையும் தின்றுவிடும். அப்போது ஆறு கேள்வித் தாளோடு போங்கள். தரம் 3 பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் ஒளித்த பொருளையே இரண்டு கூடத்தில் விளையாடலாம். எழுதும் வேகம் அவர்களுக்குப் போதாது.

வென்றது எது என்று கொப்பியில் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பிள்ளைகளே ஒரு குறி போடட்டும்: பார்த்தே தெரிந்துகொண்டதற்குக் கண், பலகையில் கிடைத்ததற்குக் கட்டம், இரண்டிலும் கிடைக்காததற்கு வட்டம். கொப்பி முழுக்கக் கட்டமாக இருந்தால் யாரோ முதலே பலகையை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். கண் ஒன்றுமே இல்லையென்றால் பொருளைப் பார்க்கவில்லை. வட்டங்களை வகுப்புச் சுவரில் ஒட்டி, வாரத்துக்கு ஒன்றைத் துரத்தலாம்.

அடுத்த தவணைக்கு நான் யோசித்து வைத்திருப்பது பிரெட்ரிக் கோட்டை வாசல். அங்கே கல்லில் இரண்டு மீன்களும், குளக்கோட்டன் பெயர் வரும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. தூண்டும் வசனம் ஏற்கனவே எழுதியாயிற்று: "கோட்டையைக் கட்டியவர்கள் இந்தக் கல்லைச் செதுக்கவில்லை." வாசல் ஒடுக்கம், வாகனங்கள் அதற்குள்ளாலேயே போய்வரும், மான்களும் வரும்; ஆகவே ஒரு நேரத்தில் இரண்டு குழுதான், மற்றவர்கள் உள்ளே மர நிழலில் ஒளித்த பொருள் விளையாடிக்கொண்டிருக்க வேண்டும்.